கண்ணில் சொட்டு மருந்து விட்ட பிறகு எப்போது வண்டி ஓட்டலாம்?

கண் ஆஸ்பத்திரியில் பவர் பார்ப்பதும், டாக்டர் பார்ப்பதற்கு முன் சொட்டு மருந்து விடுவதும் என் வேலை. முதல் முறை வருகிறவர்கள் மருந்து விட்டதுமே இரண்டு கேள்வி கேட்பார்கள். மங்கல் எத்தனை மணி நேரத்தில் போகும்? பைக்கில்தான் வந்தேன், ஓட்டிக்கொண்டு போகலாமா? இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: அன்றைக்கு ஓட்ட வேண்டாம். மறுநாள் காலை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு எடுங்கள். முதல் கேள்விக்கான பதில் கொஞ்சம் நீளமானது. அது புரியாததால்தான் பலர் மூன்று மணி நேரத்திலேயே "எனக்குச் சரியாகிவிட்டது" என்று சாவியைக் கையில் எடுக்கிறார்கள்.

மருந்து செய்வது இரண்டு வேலை

கண்ணின் பழுப்பு வட்டத்துக்கு நடுவே கறுப்பாகத் தெரிவதுதான் கண் பாப்பா. வெயிலில் அது சுருங்கும், இருட்டில் விரியும். உள்ளே இருக்கும் விழித்திரையை ஓரம் வரை பார்க்க வேண்டுமானால், டாக்டர் லைட் அடிக்கும்போதும் அது சுருங்காமல் இருக்க வேண்டும். சர்க்கரை நோயால் நரம்பில் ரத்தக் கசிவு இருக்கிறதா, விழித்திரையில் கிழிசல் இருக்கிறதா என்பதெல்லாம் பாப்பா விரிந்தால்தான் முழுதாகத் தெரியும். அதற்குத்தான் இந்தச் சொட்டு.

பெரியவர்களுக்கு நாங்கள் அதிகம் விடுவது டிராபிகமைடு என்ற மருந்து. பல நேரம் அதோடு ஃபீனைலெஃப்ரின் என்ற இன்னொன்றும் ஒரே பாட்டிலில் கலந்திருக்கும். டிராபிகமைடு பாப்பாவை விரிய வைப்பதோடு நிற்பதில்லை. கண்ணுக்குள் கிட்டத்தில் இருப்பதைத் தெளிவாகப் பார்க்க ஒரு சிறு தசை வேலை செய்கிறது. அதையும் சில மணி நேரம் தளர்த்திவிடுகிறது. போனில் வரும் மெசேஜ் கலங்கித் தெரிவது இந்தத் தசையால். வெளியே வந்ததும் கண் கூசுவது விரிந்த பாப்பாவால்.

இந்த இரண்டும் ஒரே நேரத்தில் சரியாவதில்லை. தசை முதலில் தெளியும். பெரும்பாலும் 2 முதல் 6 மணி நேரத்தில் படிக்க முடிந்துவிடும். பாப்பா சுருங்கப் பொதுவாக 4 முதல் 8 மணி நேரம் ஆகும், சிலருக்கு மறுநாள் வரை இழுக்கும். நம்மைப் போலக் கண் அடர்ந்த பழுப்பாக இருப்பவர்களுக்கு அந்த நிறம் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் விரியவும் நேரம் எடுக்கும், சுருங்கவும் நேரம் எடுக்கும். ஆக, எழுத்து தெரிவது ஒரு கணக்கு, சாலை தெரிவது வேறு கணக்கு. பேப்பர் படிக்க முடிகிறது என்பதை வைத்து வண்டியை எடுக்கக் கூடாது.

விரிந்த பாப்பா சாலையில் என்ன செய்யும்

நல்ல வெயிலில் பாப்பாவின் குறுக்களவு சுமார் 2 மில்லிமீட்டர் இருக்கும். மருந்து விட்டால் 7 மில்லிமீட்டர் வரை போகும். குறுக்களவு மூன்றரை மடங்கு என்றால் பரப்பு 12 மடங்கு. அதாவது அதே பகல் வெயிலில் வழக்கத்தைவிட 12 மடங்கு வெளிச்சம் உள்ளே இறங்குகிறது. கூச்சம் தாங்காமல் கண் தானாக மூடும், தண்ணீர் கொட்டும். ஓட்டும்போது ஒரு நொடி கண் மூடினாலும், 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி 11 மீட்டர் போயிருக்கும்.

அதைவிடக் கவனிக்க வேண்டியது, பாப்பா அசையாமல் நின்றுவிடுவது. வெயிலிலிருந்து மேம்பாலத்து நிழலுக்குள் நுழையும்போதும் திரும்ப வெளியே வரும்போதும் பாப்பா சட்டென்று விரிந்து சுருங்கி ஈடுகொடுக்கும். மருந்து இருக்கும்போது அது நடக்காது. நிழலுக்குள் இருக்கும் வேகத்தடையும் பள்ளமும் கிட்டே போன பிறகுதான் தெரியும்.

தூரப் பார்வையும் கொஞ்சம் குறையும். சுருங்கிய பாப்பா சின்னச் சின்னப் பவர் குறைகளை மறைத்துக்கொடுக்கும்; விரிந்ததும் அவை எல்லாம் வெளியே வந்துவிடும். கண்ணாடி போட வேண்டிய கால், அரைப் பவரைப் போடாமல் விட்டவர்களுக்கு அன்று போர்டு எழுத்து கலங்கும். தூரப்பார்வைக் குறை உள்ள இளம் வயதினர், அதாவது பிளஸ் பவர் தேவைப்பட்டும் கண்ணாடி இல்லாமல் தசையை வைத்தே சமாளித்து வந்தவர்கள், தூரம் கிட்டம் இரண்டிலும் தடுமாறுவார்கள்.

இரவில் நிலைமை இன்னும் மோசம். எதிரே வரும் ஹெட்லைட் ஒவ்வொன்றும் பூ மாதிரி விரிந்து, பக்கத்தில் நடந்துபோகிறவரை முழுங்கிவிடும். கண்புரை ஆரம்பித்திருந்தால் வெளிச்சம் உள்ளேயும் சிதறும். பகலில் உதவும் கூலிங் கிளாஸை இரவில் போட்டால் இருட்டுதான் கூடும். பகல் முழுக்க வீட்டில் படுத்துவிட்டு, "ஆறு மணி நேரம் ஆச்சே" என்று அந்தி நேரத்தில் கிளம்புவது இதனால்தான் தவறான நேரம்.

ஐம்பது தாண்டியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை

வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு அந்தத் தசை செய்யும் வேலை ஏற்கெனவே குறைந்துபோயிருக்கும். மருந்து அதைத் தளர்த்தினாலும் அவர்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. கண்ணாடியைப் போட்டால் சீட்டில் உள்ளதைப் படித்துவிடுவார்கள். "எனக்கு மருந்து பிடிக்கவே இல்லை போல" என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. டார்ச் அடித்துப் பார்த்தால் பாப்பா முழுதாக விரிந்திருக்கும். மங்கல் தெரியவில்லை என்ற தைரியத்தில் வண்டி எடுக்கிறவர்களில் இந்த வயதினர்தான் அதிகம் என்பது என் அனுபவம். 25 வயதுப் பையனுக்குப் போனே தெரியாது, அதனால் அவன் பயந்து அடங்கி உட்கார்ந்திருப்பான்.

போகிற நாளுக்கு முன்பே

முதல் முறை போகிறீர்கள், சர்க்கரை இருக்கிறது, கண்ணில் பூச்சி பறப்பது போலத் தெரிகிறது, கிட்டப்பார்வைப் பவர் அதிகம், இவற்றில் ஏதாவது ஒன்று என்றால் சொட்டு விடுவார்கள் என்றே வைத்துக்கொண்டு கிளம்புங்கள். வண்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். இது மிக முக்கியம், ஏனென்றால் ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றால் மனசு அதன் பக்கம்தான் போகும். கூட ஒருவர் வந்தால் நல்லது. குடை அல்லது தொப்பி, கூலிங் கிளாஸ், இப்போது போடும் கண்ணாடி, பழைய சீட்டு, சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை ஆகியவை பையில் இருக்கட்டும். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை நிறுத்த வேண்டாம். சாப்பிட்டுவிட்டு வாருங்கள், எப்படியும் அரை நாள் ஆகும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் டப்பாவையும் எடுத்து வர வேண்டும். சொட்டு விடும் முன் கழற்றச் சொல்வார்கள்.

அன்று பேங்கில் கையெழுத்து, பத்திரப் பதிவு, பரீட்சை என்று எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

மருந்து விடும் முன் நீங்கள் சொல்ல வேண்டியவை

வழக்கமான வரிசை இது: எழுத்துப் பலகையில் பார்வை, பிறகு பவர், பிறகு கண் பிரஷர், கடைசியில் சொட்டு. பெரியவர்களுக்குக் கண்ணாடிப் பவரைச் சொட்டுக்கு முன்பே பார்த்துவிடுவோம். யாராவது பவர் பார்க்காமல் சொட்டு விட வந்தால், "இன்னும் கண்ணாடிக்குப் பார்க்கலையே" என்று தயங்காமல் சொல்லுங்கள். விட்ட பிறகு பார்த்தால் இன்னொரு நாள் அலைய வேண்டிவரும்.

மூன்று விஷயங்களைக் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். இதய நோயோ அடங்காத ரத்த அழுத்தமோ இருந்தால் சொல்லுங்கள்; ஃபீனைலெஃப்ரின் ரத்த அழுத்தத்தைக் கூட்டக் கூடும், அது இல்லாத சொட்டை விட்டுக்கொள்ளலாம். உங்களுக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ கண்ணில் அடைப்பு வகை நீர் அழுத்தம் இருந்ததாகச் சொல்லப்பட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். கர்ப்பமாக இருந்தாலும், பால் கொடுத்தாலும், முன்பு எந்தச் சொட்டாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தாலும் சொல்லுங்கள்.

சொட்டு விழுந்ததும் கொஞ்சம் எரியும், அரை நிமிடத்தில் அடங்கும். கண்ணை மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை விரலால் ஒன்றிரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். மருந்து தொண்டைக்கு இறங்கிக் கசப்பதும், உடம்பில் கலப்பதும் குறையும். பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு மறுபடி விடுவோம். அரை மணி நேரத்திலிருந்து முக்கால் மணி நேரம் வரை ஆகும். விரியாவிட்டால் மூன்றாவது தடவையும் விடுவோம்; சர்க்கரை நீண்ட நாளாக இருப்பவர்களுக்குப் பாப்பா அவ்வளவு எளிதில் விரியாது.

உங்கள் சீட்டில் எந்த மருந்து விட்டார்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நான் மேலே சொன்ன மணிக்கணக்கு டிராபிகமைடுக்கு உரியது. சைக்ளோபென்டோலேட் என்றால் ஒரு நாள் முழுதும் இருக்கும். ஹோமட்ரோபின் ஒன்று முதல் மூன்று நாள். சின்னக் குழந்தைகளுக்கு வீட்டில் போடத் தரும் அட்ரோபின் களிம்பு ஒரு வாரத்துக்கு மேலும், சில நேரம் இரண்டு வாரம் வரையும் பாப்பாவைச் சுருங்க விடாது. கல்லூரி வயதினருக்குப் பவரை உறுதி செய்ய சைக்ளோபென்டோலேட் விடுவது உண்டு. அவர்கள் மறுநாள் காலையிலும் பைக்கை எடுக்கும் முன் நன்றாகச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

லால்குடிக்காரர் ஒருவரின் ஒரு நாள்

54 வயது. எட்டு வருடமாகச் சர்க்கரை. லால்குடியிலிருந்து திருச்சிக்குச் சுமார் 20 கிலோமீட்டர், பைக்கில் தனியாக வந்தார். காலை 10:15-க்கு முதல் சொட்டு, 10:30-க்கு இரண்டாவது. 11 மணிக்கு டார்ச் அடித்தேன், பாப்பா அசையவில்லை. 11:20-க்கு டாக்டர் பார்த்தார். தலையில் மாட்டிய பளிச் விளக்கால் ஓரம் வரை பார்த்ததில் கொஞ்ச நேரம் அவருக்கு எல்லாமே சிவப்பாகத் தெரிந்தது. அது சில நிமிடத்தில் போய்விடும். நரம்பில் பாதிப்பு ஏதும் இல்லை, அடுத்த வருடம் வாருங்கள் என்றார் டாக்டர்.

நல்ல செய்தி கேட்ட தெம்பில் நேராக ஸ்டாண்டுக்குக் கிளம்பினார்.

"ஐயா, கூட யாரு வந்திருக்காங்க?"

"யாரும் இல்லம்மா. எனக்கு நல்லாத்தான் தெரியுது. இந்தா, சீட்டைப் படிக்கிறேன் பாரு."

படிக்கவும் செய்தார், வெள்ளெழுத்துக் கண்ணாடியோடு. நான் வாதம் செய்யவில்லை. வாசல் வரை கூட்டிப் போய், எதிர்ப்பக்கம் நிற்கும் பஸ்ஸின் பலகையைப் படிக்கச் சொன்னேன். மணி பன்னிரண்டு, உச்சி வெயில். நெற்றியில் கையை வைத்து மறைத்துக்கொண்டுதான் நிமிர்ந்து பார்க்க முடிந்தது. "ரெண்டு கையும் ஹேண்டில்ல இருந்தா எப்படி ஐயா மறைப்பீங்க?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு மகனுக்குப் போன் போட்டார். மகன் வேலையில் இருந்தார். கடைசியில் பைக்கை ஸ்டாண்டிலேயே விட்டு, டோக்கனைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஆட்டோவில் சத்திரம் பஸ் ஸ்டாண்டு போய் பஸ் ஏறினார். பஸ்ஸில் ஏறி இறங்கும்போது படியைக் காலால் தடவிப் பார்த்து வைக்கச் சொல்லி அனுப்பினேன். அந்த நேரத்தில் படியின் உயரம் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது.

மறுநாள் பைக் எடுக்க வந்தபோது மீதியைச் சொன்னார். மூன்று மணிக்கு வீட்டுக்குள் எந்தத் தொந்தரவும் இல்லை. ஐந்து மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்தபோது கூச்சம் இருந்தது. ஏழரை மணிக்கு, அதாவது சொட்டு விட்டு ஒன்பது மணி நேரம் கழித்து, தெருவில் வந்த லாரியின் விளக்கு இன்னும் சிதறித் தெரிந்தது. காலையில் எழுந்தபோது எல்லாம் பழையபடி.

சரியாகிவிட்டதா என்று நீங்களே பார்க்கும் முறை

முதலில் பாப்பா. சுமாரான வெளிச்சம் உள்ள அறையில் கூட இருக்கும் ஒருவர் உங்கள் கண்ணைப் பார்க்கட்டும். போன் டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து கொண்டு வந்து ஒரு நொடி காட்டினால் பாப்பா சட்டென்று சுருங்க வேண்டும். சுருங்காமல் அப்படியே நின்றால், அல்லது சோம்பலாக அசைந்தால், மருந்து இன்னும் இருக்கிறது. நம் கண்ணின் பழுப்பு அடர்த்தியாக இருப்பதால் கண்ணாடியில் நீங்களே பார்ப்பது கஷ்டம். டார்ச் அடித்து வேறொருவர் பார்ப்பதே எளிது. மருந்து விடாத ஒருவரின் கண்ணில் அதே மாதிரி அடித்து ஒப்பிட்டுப் பார்த்தால் சந்தேகமே இருக்காது. இரண்டு கண்ணையும் தனித்தனியாகப் பாருங்கள், ஒன்று முன்னே பின்னே ஆகலாம்.

அடுத்தது தூரம். லைசென்ஸ் விண்ணப்பத்தில் கேட்கும் அளவையே எடுத்துக்கொள்ளலாம்: நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் பிளேட். சாதாரண நடையில் 30, 35 எட்டு வைத்தால் அந்தத் தூரம் வரும். வழக்கமான தூரக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கூலிங் கிளாஸ் இல்லாமல், கையை வைத்து மறைக்காமல், வெயிலில் நின்று படியுங்கள். கண்ணைச் சுருக்காமல் படிக்க முடிந்தால் சரி.

இந்த இரண்டில் ஒன்று மட்டும் தேறினால் போதாது. பாப்பா விரிந்திருக்கும்போதே நம்பர் பிளேட்டைப் படித்துவிடுகிறவர்கள் உண்டு. அவர்களால் எதிர் விளக்கைச் சமாளிக்க முடியாது. இரண்டும் தேறிய பிறகும் முதல் ஓட்டம் பகலில், தெரிந்த தெருவில் இருக்கட்டும். லாரி, பஸ், ஆட்டோ ஓட்டிப் பிழைப்பவர்கள் அந்த ஒரு நாள் வருமானத்தைக் கணக்கில் வைத்து, மறுநாள் காலை வரை வேலை இல்லாத நாளாகப் பார்த்துப் பரிசோதனைக்கு வருவது நல்லது. உயரத்தில் ஏறும் வேலை, ரம்பம், கடைசல் இயந்திரம் ஆகியவற்றுக்கும் இதே கணக்குதான்.

கண்ணைத் தண்ணீரில் கழுவினால் சீக்கிரம் சரியாகுமா என்று கேட்பார்கள். ஆகாது, மருந்து சில நிமிடங்களிலேயே உள்ளே போயிருக்கும். ஒரு கண்ணில் மட்டும் விட்டால் ஓட்டலாமா என்றும் கேட்பார்கள். வேண்டாம், விட்ட கண் கூசும்போது மற்றக் கண்ணும் சேர்ந்தே மூடும், தூரத்தைக் கணிப்பதும் தப்பும்.

உடனே திரும்பி வர வேண்டிய நேரம்

கூச்சமும் மங்கலும் மருந்தின் இயல்பு, நேரம் போகப் போகக் குறையும். குறைவதற்குப் பதில் கூடினால் அது வேறு விஷயம். சிலருக்குக் கண்ணின் முன்பக்க இடைவெளி பிறவியிலேயே குறுகலாக இருக்கும். பாப்பா விரியும்போதோ, திரும்பச் சுருங்கி வரும்போதோ நீர் வடியும் வழி அடைபட்டு, கண் அழுத்தம் சட்டென்று ஏறலாம். இது அரிது, சொட்டு விடும் முன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்ப்பதும் பிரஷர் பார்ப்பதும் இதைத் தவிர்க்கத்தான். ஆனாலும் வீட்டுக்குப் போன பிறகு கண்ணில் கடும் வலி, கண் சிவப்பு, அதே பக்கம் தலைவலி, குமட்டல் அல்லது வாந்தி, பல்பைச் சுற்றி வானவில் வளையம், இப்படி வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வாந்தியும் தலைவலியும் இருப்பதால் பித்தம் என்று நினைத்து மாத்திரை போட்டுப் படுத்துவிடுகிறவர்கள் உண்டு. அழுத்தம் ஏறி நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் கண் நரம்புக்குச் சேதம். இரவானாலும் அவசரப் பிரிவு உள்ள கண் ஆஸ்பத்திரிக்குப் போய், இன்று இத்தனை மணிக்குச் சொட்டு விட்டார்கள் என்று முதல் வார்த்தையிலேயே சொல்லி, அந்தச் சீட்டைக் காட்டுங்கள்.

குழந்தைகளுக்குச் சொட்டோ களிம்போ போட்ட பிறகு முகம் சிவந்து, வாய் வறண்டு, உடம்பு சுட்டு, சம்பந்தமில்லாமல் பேசினால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் கொண்டு போங்கள். போகும்போது மருந்து டியூபையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.